பாஸ்வேர்டு தவறு என்று போனுக்கு யார் சொன்னது?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “வைஃபை பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் போன் உடனே சொல்வதில்லை. சில விநாடி சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, அப்புறம்தான் தவறு என்கிறது. ஆனால் நாலைந்து எழுத்து மட்டும் அடித்தால், ‘இணை’ என்ற பொத்தானையே அழுத்த விடுவதில்லை. ஒன்று உடனே தெரிகிறது, இன்னொன்று ஏன் தெரிவதில்லை?”

இரண்டாவதற்குப் பதில் எளிது. WPA2 என்ற பாதுகாப்பு முறை கொண்ட வைஃபையில் பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்க வேண்டும் என்பது விதி. எழுத்துகளை எண்ணிப் பார்க்கப் போனுக்கு யார் துணையும் வேண்டாம். ஆனால் எட்டு எழுத்தும் சரியானவையா என்பது போனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட ரூட்டரும் போனிடம் சொல்வதில்லை. அந்தச் சில விநாடிகள், வராத ஒரு பதிலுக்காகப் போன் காத்திருக்கும் நேரம்.

ஏன் சொல்வதில்லை என்று புரிய, இருவருக்கும் நடுவே நடக்கும் நான்கு கட்டக் கைகுலுக்கலைப் பார்க்க வேண்டும். வைஃபையில் பேசுவதெல்லாம் காற்றில் பேசுவது. அருகில் இருக்கும் எந்தக் கருவியும் ஒட்டுக்கேட்கலாம். அதனால் பாஸ்வேர்டை அப்படியே அனுப்ப முடியாது. “எனக்குத் தெரியும்” என்பதை, தெரிந்ததை வெளியே சொல்லாமலே நிரூபிக்க வேண்டும்.

முதல் வேலையைக் கருவி தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. பாஸ்வேர்டையும் நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து, ஹேஷ் என்னும் ஒருவழிக் கணக்கில் போட்டு 4096 சுற்று அரைக்கிறது. கிடைப்பது 256 பிட் எண். இதை மூலச் சாவி என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் கணினி இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். நெட்வொர்க்கின் பெயர் IEEE, பாஸ்வேர்டு password என்று கொடுத்தால்:

```
$ wpa_passphrase IEEE password
network={
	ssid="IEEE"
	#psk="password"
	psk=f42c6fc52df0ebef9ebb4b90b38a5f902e83fe1b135a70e23aed762e9710a12e
}
```

பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள், அந்த நீண்ட எண் முழுக்க வேறாகிவிடும். ஒரே பாஸ்வேர்டைப் பெயர் வேறான இரண்டு நெட்வொர்க்குக்கு வைத்தாலும் மூலச் சாவிகள் ஒன்றாக இராது. ரூட்டரும் இதே கணக்கைப் போட்டு இதே எண்ணை வைத்திருக்கிறது. இந்த எண் காற்றில் ஒருபோதும் போவதில்லை.

அடுத்து போன் ரூட்டரை அணுகி இணைப்புக் கேட்கிறது, ரூட்டரும் சரி என்கிறது. இது வெறும் சம்பிரதாயம். தவறான பாஸ்வேர்டு வைத்திருப்பவரும் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுவார். வாசல் திறந்தாயிற்று, ஆனால் இன்னும் உள்ளே விடவில்லை. இங்கேதான் நான்கு செய்திகள் தொடங்குகின்றன.

முதல் செய்தி ரூட்டரிடமிருந்து வருகிறது. அதில் முக்கியமானது 32 பைட் நீளமுள்ள, கணிக்க முடியாத ஓர் எண், அவ்வளவுதான். பூட்டு இல்லை, முத்திரை இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். போன் தன் பங்குக்கு இன்னொரு 32 பைட் எண்ணை உருவாக்குகிறது. இப்போது அதன் கையில் ஐந்து பொருள்கள்: மூலச் சாவி, இரண்டு எண்கள், ரூட்டரின் முகவரி, தன் முகவரி. ஐந்தையும் கலந்து இன்னொரு ஒருவழிக் கணக்கில் போட்டால் இந்த இணைப்புக்கு மட்டுமான புதுச் சாவி கிடைக்கிறது. மறுமுனையிலும் இதே சாவி வர வேண்டுமானால், பொருள்களைக் கலக்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். “என் எண் முதலில்” என்று இருவரும் வைத்தால் கணக்கு பிசகிவிடும். அதற்கு ஓர் அழகான விதி வைத்திருக்கிறார்கள்: முகவரியானாலும் எண்ணானாலும், இரண்டில் சிறியது முதலில். யார் ரூட்டர், யார் போன் என்ற கேள்வியே எழுவதில்லை.

கிடைத்த சாவியை 128 பிட் வீதம் மூன்று துண்டாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒன்று செய்திக்கு முத்திரை போட. ஒன்று கைகுலுக்கலின்போதே வரும் இன்னொரு சாவியைப் பூட்ட. மூன்றாவது, பிறகு வரும் தரவுகளையெல்லாம் பூட்ட.

இப்போது இரண்டாவது செய்தி. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். போன் தன்னுடைய 32 பைட் எண்ணை அனுப்புகிறது. எண் திறந்தபடிதான் போகிறது, ஆனால் செய்தியின் கூடவே 16 பைட் முத்திரை இருக்கிறது. முத்திரைத் துண்டை வைத்துச் செய்தி முழுவதையும் கணக்கிட்டு எடுத்த எண் அது. செய்தி ரூட்டரை அடையும் வரை புதுச் சாவி என்னவென்று ரூட்டருக்கே தெரியாது, ஏனென்றால் போனின் எண் அதற்கு இப்போதுதான் கிடைக்கிறது. எண்ணைப் பிரித்தெடுக்கிறது, தன்னிடம் உள்ள மூலச் சாவியோடு கலக்கிறது, புதுச் சாவியை உருவாக்குகிறது, அதை வைத்து முத்திரையைத் தானே போட்டுப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால், எதிரே இருப்பவர் அதே மூலச் சாவியை வைத்திருக்கிறார் என்று பொருள். பூட்டைத் திறக்கத் தேவையான பொருளும், அது சரியான பூட்டுதான் என்பதற்கான சான்றும் ஒரே செய்தியில் வந்துவிடுகின்றன.

முத்திரை பொருந்தாவிட்டால்? ரூட்டர் அந்தச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறது. வைஃபைக்கான தொழில்நுட்பத் தரமே அப்படித்தான் சொல்கிறது. காரணம் யோசித்தால் புரியும். முத்திரை தவறான செய்தியை உங்கள் போன்தான் அனுப்பியது என்று ரூட்டருக்கு என்ன உறுதி? உங்கள் முகவரியைப் போட்டு வேறு யாரோ குப்பையை அனுப்பியிருக்கலாம். தவறான முத்திரையைக் கண்டதும் “போ வெளியே” என்று ரூட்டர் சொன்னால், ஒரே ஒரு போலிச் செய்தியால் யாரையும் இணையவிடாமல் செய்துவிடலாம். அதனால் உண்மையான செய்தி பின்னால் வரக்கூடும் என்று எண்ணிப் பொறுத்திருக்கிறது.

பொறுத்திருப்பதற்கும் கணக்கு உண்டு. பல ரூட்டர்களில் ஓடும் hostapd என்ற மென்பொருள், சரியான பதில் வராவிட்டால் முதல் செய்தியை மறுபடி அனுப்பும். மாற்றி அமைக்காவிட்டால் மொத்தம் நான்கு தடவை. முதல் தடவைக்குப்பின் 0.1 விநாடியும், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடியும் காத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் போன் அதே தவறான சாவியால் முத்திரை போட்டுப் பதில் அனுப்பும். மூன்று விநாடிக்குமேல் இப்படி ஓடியபிறகு ரூட்டர் இணைப்பைத் துண்டிக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் கணினியின் பதிவைத் திறந்தால் இந்த வரி இருக்கும்:

```
WPA: 4-Way Handshake failed - pre-shared key may be incorrect
```

அதில் உள்ள may be என்ற சொற்களைக் கவனியுங்கள். சாவி தவறாக இருக்கலாம் என்கிறது, தவறு என்று சொல்லவில்லை. கைகுலுக்கல் நடுவில் அறுந்துபோனதை வைத்துக் கருவி ஊகிக்கிறது. சிக்னல் மோசமாக இருந்து செய்திகள் தொலைந்துபோனாலும் இதே வரி வரும். பாஸ்வேர்டு சரி என்று உறுதியாகத் தெரிந்தும் போன் தவறு என்றால், மறுபடி மறுபடி அடிப்பதற்கு முன் ரூட்டருக்கு அருகில் போய் ஒரு தடவை முயன்று பாருங்கள்.

முத்திரை பொருந்திவிட்டால் ரூட்டர் மூன்றாவது செய்தியை அனுப்பும். அதில் ரூட்டரின் முத்திரையும் இருக்கும். அதைச் சரிபார்க்கும்போது, ரூட்டருக்கும் பாஸ்வேர்டு தெரியும் என்று போனுக்கு உறுதியாகிறது. அதே பெயரில் யாராவது போலி ரூட்டர் வைத்திருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பப்படுபவற்றைத் திறக்கும் குழுச் சாவியும் இதில்தான் பூட்டிய நிலையில் வரும். நான்காவது செய்தி, “கிடைத்தது” என்ற ஒப்புதல்.

அந்த ஒப்புதல் தொலைந்துபோனால் என்ன ஆகும்? 2017-இல் வெளியான க்ராக் என்ற தாக்குதல் அந்த இடத்தைத்தான் பயன்படுத்தியது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்தி வான்ஹூஃப், ஃபிராங்க் பீசென்ஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். நான்காவது வராவிட்டால் ரூட்டர் மூன்றாவதை மறுபடி அனுப்பும். அதைப் பெற்ற கருவிகள் ஏற்கெனவே பொருத்திய சாவியைத் திரும்பவும் பொருத்தின. தரவுப் பாக்கெட்டுகளை எண்ணும் கணக்கும் தொடக்கத்துக்குத் திரும்பியது. ஒரே சாவி, ஒரே எண் என்று இரண்டு பாக்கெட்டுகள் பூட்டப்பட்டால் அந்தப் பூட்டு வலுவிழக்கிறது. சில ஆண்ட்ராய்டு போன்களில் இன்னும் மோசம்: முதல் தடவை பொருத்தியதும் சாவியை நினைவிலிருந்து அழித்துவிடும் வழக்கம் இருந்ததால், இரண்டாம் தடவை முழுக்கப் பூஜ்யங்களாலான சாவி பொருந்தியது. பொருத்திய சாவியைத் திரும்பப் பொருத்தாதே என்று மென்பொருளை மாற்றிச் சரிசெய்தார்கள். இந்தக் கைகுலுக்கல் பாதுகாப்பானது என்று 2005-இலேயே கணித முறையில் நிரூபித்திருந்தார்கள், அந்த நிரூபணத்தில் தவறும் இல்லை. சாவியை எப்போது பொருத்துவது என்பது அதன் எல்லைக்குள் வரவில்லை, அவ்வளவுதான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கக் கிடைக்கும் ஆய்வு நிதி, எல்லாரும் தினமும் பயன்படுத்தும் பழையதை மறுபடி உட்கார்ந்து படிப்பதற்கும் கிடைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் க்ராக்கைவிட எளிய ஓட்டை இரண்டாவது செய்தியிலேயே இருக்கிறது. முதல் இரண்டு செய்திகளையும் ஒட்டுக்கேட்டவரிடம் இரண்டு எண்களும், இரண்டு முகவரிகளும், முத்திரையும் இருக்கின்றன. இல்லாதது பாஸ்வேர்டு மட்டுமே. அவர் வீட்டுக்குப் போய், ஒரு சொல்லை ஊகித்து, 4096 சுற்று அரைத்து, முத்திரை போட்டுப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் அடுத்த சொல். ரூட்டரின் மௌனம் இங்கே உதவாது, ரூட்டரிடம் அவர் கேட்கவே இல்லையே. போலி ரூட்டர் வைத்தவரும், மூன்றாவது செய்தியில் மாட்டிக்கொள்வதற்கு முன்பே, இரண்டாவதை வாங்கிவிடுகிறார். அந்த 4096 சுற்று நமக்குக் கண் இமைக்கும் நேரம். கோடிக்கணக்கான சொற்களை முயல்பவருக்குப் பெரும் சுமை. ஆனால் பாஸ்வேர்டு அகராதியில் இருக்கும் சொல்லானால் அந்தச் சுமை போதாது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை நீளமாகக் கோத்து வைப்பது இந்தக் கணக்கில் உண்மையிலேயே பலன் தரும்.

WPA2-வுக்கு அடுத்ததாக 2018-இல் வந்த WPA3 இந்த ஓட்டையை அடைக்கிறது. அதில் நான்கு செய்திகளுக்கு முன்னால் வேறொரு பரிமாற்றம் நடக்கிறது. அதை ஒட்டுக்கேட்டவர் எதையும் எடுத்துப்போய்ச் சரிபார்க்க முடியாது. ஒவ்வோர் ஊகத்துக்கும் ரூட்டரிடம் நேரில் பேசியாக வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் புதிய மூலச் சாவி பிறக்கிறது. பாஸ்வேர்டு தவறானால் அந்தப் பரிமாற்றத்திலேயே தெரிந்துவிடும், கைகுலுக்கல் தொடங்கவே தொடங்காது. பாஸ்வேர்டு சரி என்றால், அந்த மூலச் சாவியை வைத்துக்கொண்டு அதே நான்கு செய்திகள் அதே வரிசையில் போகின்றன.