பழைய சீட்டில் வாங்கும் சொட்டு மருந்து

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி வந்ததில், இந்தக் கோடையில் மட்டும் இது மூன்றாவது பிள்ளை. 14 வயதுப் பையன். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று அம்மா கூட்டி வந்தார். பலகையில் கடைசி வரிக்கு முந்தைய வரி வரை வாசித்துவிட்டான். ஆனால் பக்கவாட்டில் வரும் பந்து தெரிவதில்லை என்றான். அழுத்தம் பார்த்தால் வலக்கண்ணில் 42, இடக்கண்ணில் 36. 10 முதல் 21-க்குள் இருக்க வேண்டியது. வலக்கண்ணின் பார்வை நரம்பு வெளுத்துக் குழிந்து போயிருந்தது.

ஏதாவது சொட்டு மருந்து போடுகிறீர்களா என்று கேட்டதும் பையிலிருந்து டெக்ஸாமெத்தசோன் பாட்டிலை எடுத்தார். மூன்று வருடத்துக்கு முன் அரிப்புக்காக ஒரு வாரத்துக்கு எழுதித் தந்த ஸ்டீராய்டு அது. அதே சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். "நல்லாக் கேக்குது டாக்டர், ரெண்டு நாள்ல சிவப்பு போயிடும்."

சிவப்பு போகும்தான். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. சிவப்பும் அரிப்பும் அடங்குவது வேறு, உள்ளே அழுத்தம் ஏறுவது வேறு. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழியை இந்த மருந்து மெல்ல அடைக்கிறது. மெல்ல ஏறும் அழுத்தம் வலிக்காது. நடுப்பார்வையும் கடைசி வரை நிற்கும். 'வலி இல்லை, எழுத்தும் தெரிகிறது, அப்புறம் என்ன' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்தப் பையனுக்கும் வலி இல்லை, எழுத்தும் தெரிந்தது.

எல்லோருக்கும் இப்படி ஏறாது. குழந்தைகளுக்கும், குடும்பத்தில் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் யாருக்கு ஏறும் என்று அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த மருந்தால் கண்புரையும் வரும். வெயிலிலும் எதிரே வரும் ஹெட்லைட்டிலும் கண் கூசி மங்கும். அதை ஆபரேஷனில் எடுத்துவிடலாம். அழுத்தத்தில் செத்த நரம்பை எந்த ஆபரேஷனாலும் மீட்க முடியாது.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து இரண்டு வாரத்தைத் தாண்டினால் அழுத்தம் பார்க்க வேண்டும். தொடர்ந்தால் முதல் சில மாதங்களுக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் தொடக்கத்தில் ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒரு முறையும் கண்ணைக் காட்டுங்கள். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

பையனுக்கு அந்த மருந்தை நிறுத்தி, அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத மருந்து கொடுத்தோம். அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்தில் இடக்கண் 18-க்கு இறங்கியது. வலக்கண்ணுக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. போன பார்வை போனதுதான்.

கிளம்பும்போது அம்மா தயங்கிக்கொண்டே கேட்டார்: "இவன் தங்கச்சிக்கும் இதேதான் போடுறோம், அவளையும் பாக்கணுமா?"

மறுநாளே கூட்டி வரச் சொன்னேன். 28 இருந்தது, நரம்பு நன்றாக இருந்தது. பாட்டிலை நிறுத்தினோம். நாலு வாரத்தில் 16.