செவ்வகத்தின் மூலைவிட்டம் சமச்சீர்க் கோடு அல்ல

போன வாரம் இன்னொரு பயிற்சித்தாள் கைக்கு வந்தது. சாட்ஸ்வொர்த்தில் என் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி டியூஷனிலிருந்து கொண்டுவந்தது. செவ்வகத்தின் குறுக்கே மூலைவிட்டத்தைப் புள்ளிக்கோடாகப் போட்டு, 'சமச்சீர்க் கோடு' என்று அச்சடித்திருந்தார்கள். இந்த வருஷம் இது எத்தனையாவது தாளோ!

"ரெண்டு பக்கமும் சமமாத்தானே இருக்கு, மேம்?" என்று கேட்டாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது சரிதான். மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு முக்கோணங்களும் அச்சு அசலாக ஒரே அளவுதான். ஆனால் சமச்சீருக்கு அது போதாது. கோட்டின் மேல் மடித்தால் ஒரு பாதி மற்றப் பாதியை அப்படியே மூட வேண்டும்.

ஒரு ஏ4 தாளைக் கொடுத்து மூலைவிட்டத்தின் மேல் மடிக்கச் சொன்னேன். ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டிய இரண்டு மூலைகளும் தள்ளித் தள்ளி நின்றன. ஸ்கேல் வைத்து அளந்தாள்: 12 சென்டிமீட்டர். பிறகு அதே கோட்டில் வெட்டச் சொன்னேன். ஒரு முக்கோணத்தைப் புரட்டாமல், மேசையிலேயே அரைச்சுற்று திருப்பி வைத்ததும் மற்றதன்மேல் கச்சிதமாகப் பொருந்தியது. குழப்பமே இங்கேதான். திருப்பினால் பொருந்துவது வேறு, மடித்தால் பொருந்துவது வேறு. சின்னக் கண்ணாடி இருந்தால் இன்னொரு தாளின் மூலைவிட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். செவ்வகத்துக்குப் பதிலாகப் பட்டம் தெரியும். சதுரத்தில் மட்டும் மூலைவிட்டங்களும் சேர்ந்து நாலு கோடுகள் கிடைக்கும். செவ்வகத்துக்கு இரண்டுதான். இணைகரத்துக்கு ஒன்றுகூட இல்லை, மடித்துப் பார்த்துவிட்டே நம்புங்கள்.

தாளை இரண்டாக மடித்து இதயம் மாதிரி உருவம் வெட்டும் வேலையில் ஒரே எச்சரிக்கை: பாதி உருவத்தை மடிப்பு ஓரத்தில் ஒட்டி வரையச் சொல்லுங்கள். திறந்த ஓரத்தில் வரைந்தால் இதயம் இரண்டு துண்டாகக் கையில் வரும்.

அப்புறம் கண்ணாடிக் கோட்டுப் பயிற்சி, அதாவது கோட்டின் ஒரு பக்கம் இருக்கும் புள்ளிக்கு மறுபக்கம் பிம்பம் போடுவது. கோடு நேராக நின்றால் பிள்ளைகள் கட்டம் எண்ணிச் சரியாகப் போட்டுவிடுவார்கள். சாய்ந்தால்தான் தடுமாற்றம். கட்டங்களின் மூலை வழியாக வலப்பக்கம் ஏறும் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இடப்பக்கம் 3 கட்டம் தள்ளி ஒரு புள்ளி. முக்கால்வாசிப் பேர் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் 3 எண்ணுவார்கள். தப்பு. புள்ளியிலிருந்து நேராக வலப்பக்கம் போய்க் கோட்டைத் தொட்ட இடத்திலிருந்து, கீழே 3 எண்ண வேண்டும். சந்தேகமா? கோட்டிலேயே மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். தாளைச் சுற்றிக் கோட்டை நிமிர்த்தி வைத்து வரைந்தாலும் தடுமாற்றம் குறையும். அதைத் தடுக்காதீர்கள்.

பயிற்சித்தாள் தயாரிக்கும் அக்கா, அண்ணன்மாரே, தயவுசெய்து அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு உருவத்தையும் ஒருமுறை மடித்துப் பாருங்கள். மெல்லிய தாளில் மடியுங்கள். அட்டையில் மடிப்பு தடித்துப்போய் ஓரங்கள் விலகும், சரியான கோடும் தப்பாகத் தெரியும்.