காய்ந்த பிறகும் வழுக்கும் தரை

துடைத்த ஈரத்தில் தரை வழுக்கினால் அதில் ஆச்சரியம் இல்லை. காய்ந்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் வெறுங்கால் லேசாக ஒட்டுகிறது, ஒரு துளி தண்ணீர் சிந்தினால் அந்த இடம் மட்டும் சறுக்குகிறது, ஜன்னல் வெளிச்சத்தில் மாப் போன தடம் கோடுகோடாகத் தெரிகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும். பக்கெட்டில் ஊற்றிய திரவம் தரையை விட்டுப் போகவே இல்லை. தண்ணீர் மட்டும் ஆவியாகி, மீதி மேலேயே படிந்துவிட்டது. கோவையில் அடுக்குமாடி வீடுகளுக்கும் கிளினிக்குகளுக்கும் துப்புரவு ஆட்களை அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். "டைல்ஸ் மட்டமான டைல்ஸ், வழுக்குது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தப் படிவால் வருபவைதான்.

விட்ரிஃபைடு டைல்ஸில் இது அதிகம் தெரிவதற்குக் காரணம் உண்டு. அதிக சூட்டில் சுட்டு இறுக்கிய அந்த டைல் தண்ணீரை ஏறக்குறைய குடிப்பதே இல்லை. தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. மேலே எதை ஊற்றினாலும் உள்ளே போக வழியில்லை. அதனால் சோப்பும் எண்ணெயும் மெல்லிய ஏடாகத் தங்கிவிடுகின்றன. காய்ந்திருக்கும்போது அந்த ஏடு தூசியைப் பிடிக்கும். ஈரம் பட்டதும் மறுபடி சோப்புத் தண்ணீராகிவிடும். தினமும் துடைக்கத் துடைக்க ஏட்டின் மேல் ஏடு சேரும். தரை மங்குகிறதே என்று இன்னும் ஒரு மூடி கூடுதலாக ஊற்றுவார்கள். மங்கல் இன்னும் ஏறும்.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில், சாப்பாட்டு மேஜைக்கும் அடுக்களைக்கும் நடுவில் பாட்டி வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு டைல்ஸையே மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது தரை நன்றாகக் காய்ந்திருந்தது. வெள்ளைத் துணி ஒன்றை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு டைலை மட்டும் அழுத்தித் துடைத்தேன். அந்தத் துணியைக் கண்ணாடி டம்ளரில் இரண்டு மடக்குத் தண்ணீரில் அலசி, டம்ளரை உள்ளங்கையால் மூடிக் குலுக்கினால் நுரை வந்து நின்றது. துடைத்தது வெறும் தண்ணீரால். அப்படியென்றால் நுரை தரையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம். துணியில் பழைய சோப்பு இல்லாமல் முதலில் அலசிவிட்டால் போதும்.

வேலை செய்யும் அக்காவிடம் எப்படித் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். அரை பக்கெட் போர் தண்ணீர், வாசனைக்கு வெள்ளை ஃபினாயில் ஒரு தாராளமான ஊற்று, அப்புறம் எண்ணெய்ப் பிசுக்குப் போகப் பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம். "நுரை வந்தாத்தானுங்கண்ணா துடைச்ச மாதிரி இருக்குது" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வீட்டுக்காரர்களும் வாசனையை வைத்துத்தான் சுத்தத்தை அளக்கிறார்கள்.

பக்கெட்டை எட்டிப் பார்த்ததிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. ஃபினாயில் என்பது எண்ணெயை சோப்பால் தண்ணீரோடு கலக்க வைத்த சரக்கு. நல்ல தண்ணீரில் ஊற்றினால் பால் போல ஒரே சீராக வெளுக்கும். இங்கே உப்புத் தண்ணீரில் அது திரிந்து, துணுக்குத் துணுக்காக மிதந்தது. பக்கெட் ஓரத்தில் எண்ணெய் வளையம். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. சோப்பின் பிடி விட்டதும் எண்ணெய் பிரிந்துவிடுகிறது. அந்தக் கசடையும் எண்ணெயையும்தான் மாப் தரை முழுக்கப் பூசிக்கொண்டிருந்தது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் ஒழுங்காக வேலை செய்த அதே பாட்டில், போர் தண்ணீர் வீட்டில் இப்படிக் காலை வாருவது இதனால்தான்.

முதலில் பழைய ஏட்டை எடுக்க வேண்டியிருந்தது. ஐந்து லிட்டர் வெந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, நான்கைந்து டைல்களாகப் பிரித்துத் தடவினோம். காயவிடாமல் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை வைப்பரால் தள்ளித் துணியில் ஒற்றி எடுத்தோம். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசித் துடைப்பு. அலசும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தோம். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் சோடாவே புது ஏடாகப் படிந்துவிடும். மறுநாள் டம்ளர் சோதனையில் நுரை நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குச் சொன்னது எளிது. ஃபினாயிலும் பாத்திர லிக்விடும் ஹாலுக்கு வேண்டாம். எண்ணெய் கலக்காத, பிஎச் 7 அருகில் உள்ள, அதாவது அமிலமும் காரமும் இல்லாத நியூட்ரல் தரை கிளீனர் போதும். ஊற்றும் அளவை லேபிள் சொல்வதற்கு மேல் தாண்டக் கூடாது. வெறும் தூசி துடைக்கும் நாளில் அதில் பாதி போதும். மூடியால் அளந்து ஊற்ற வேண்டும், பாட்டிலைச் சாய்த்து அல்ல. குழந்தை வாந்தி எடுத்தது, வீட்டில் நோயாளி இருக்கிறார் என்கிற நாளில் மட்டும் கிருமிநாசினியை முழு அளவில் போட்டு, லேபிளில் உள்ள நேரம் வரை ஈரமாகவே விட்டு, பிறகு வெறும் தண்ணீரால் ஒரு துடைப்பு. கிருமிநாசினி கிளீனர்கள் பலவற்றில் உள்ள பென்சால்கோனியம் குளோரைடு, சோப்போடு சேர்ந்தால் வலுவிழந்துவிடும். ஆகவே இரண்டையும் ஒரே பக்கெட்டில் கலப்பதில் பிசுபிசுப்பைத் தவிர லாபம் இல்லை. மாப் துணியைத் துணி மென்மையாக்கும் திரவத்தில் ஊறவைப்பதையும் நிறுத்தச் சொன்னேன், அதுவும் ஒரு வழுக்கும் சரக்குதான்.

மொசைக் தரை வேறு ஜாதி. அது சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைப் பதித்து மெஷின் போட்டுத் தேய்த்தது. இரண்டுமே அமிலத்துக்கு ஆகாதவை. கறை போகட்டும் என்று டாய்லெட் ஆசிட்டையோ வினிகரையோ ஊற்றினால் பொரிந்து வரும் நுரை, பாலிஷ் கரையும் நுரை. பாலிஷ் போன இடம் சொரசொரப்பாகி அழுக்கைப் பிடிக்கும். சலவை சோடாவை இங்கே வாடிக்கையாகப் பயன்படுத்தக் கூடாது. நுண்துளைக்குள் போய் உப்பாகக் காய்ந்து மேற்பரப்பை உதிர்க்கும். அளவான நியூட்ரல் கிளீனர், நன்றாகப் பிழிந்த மாப், அவ்வளவுதான். மொசைக் வழுக்கினால் முதலில் மெழுகு பாலிஷைச் சந்தேகப்படுங்கள். மேலே தடவிவிட்டுத் தேய்த்து எடுக்காமல் போயிருப்பார்கள்.

சிமெண்ட் தரையும் ரெட் ஆக்சைடு தரையும் உறிஞ்சிக்கொள்பவை என்பதால் ஃபினாயில் ஏடு அங்கே உடனே தெரியாது. எண்ணெய் உள்ளே இறங்கி, நாளடைவில் வாசற்படி ஓரத்திலும் அடுப்படியிலும் கறுத்த திட்டுகளாக வரும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வீடுகளில், தடவிய பிறகு காய்ந்த துணியால் தேய்த்து மிச்சத்தை எடுக்காவிட்டால் அன்று முழுக்க அந்தத் தரையில் நடக்க முடியாது. அன்றாடத்துக்கு இந்தத் தரைக்கு வெறும் தண்ணீரே பெரும்பாலும் போதும்.

வெள்ளிக்கிழமை கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் துடைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. விடச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. ஒரு சிட்டிகை போதும் என்பேன். கைப்பிடி உப்பு போட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்து, மழை நாளில் தரை காயவே காயாது. மஞ்சளை மொசைக்கில் மட்டும் தவிர்த்துவிடுங்கள், கறை இறங்கிவிடும்.