சைத்திரம் 1 சில வருஷம் மார்ச் 22, சில வருஷம் மார்ச் 21, ஏன்?

மத்திய அரசோட கெஜட்டைப் பாத்திருந்தீங்கன்னா தேதி ரெண்டு தடவை இருக்கிறது கண்ணுல பட்டிருக்கும். நவம்பர் 26, 2021ன்னா பக்கத்துலயே அக்ரஹாயணம் 5, 1943னு ஒண்ணு. அந்த ரெண்டாவது தேதிதான் நம்ம தேசிய நாள்காட்டி, சக வருஷக் கணக்குல ஓடுறது. விஞ்ஞானி மேக்நாத் சாஹா தலைமையில 1952ல போட்ட கமிட்டி பரிந்துரை பண்ணி, 1957 மார்ச் 22ல இருந்து அமலுக்கு வந்துச்சு, அன்னைக்கு சைத்திரம் 1, 1879.

இது பிறை பாத்து ஓடுற காலண்டர் இல்ல, முழுக்க சூரியக் கணக்கு, அதனால ஒவ்வொரு மாசமும் எந்த இங்கிலீஷ் தேதியில பொறக்கும்னு முன்னாடியே நிர்ணயம் ஆகியிருக்கு. சைத்திரம் மார்ச் 22, வைசாகம் ஏப்ரல் 21, ஜேஷ்டம் மே 22, ஆஷாடம் ஜூன் 22, சிராவணம் ஜூலை 23, பாத்ரபதம் ஆகஸ்ட் 23, ஆஸ்வினம் செப்டம்பர் 23, கார்த்திகம் அக்டோபர் 23, அக்ரஹாயணம் நவம்பர் 22, பௌஷம் டிசம்பர் 22, மாகம் ஜனவரி 21, பால்குனம் பிப்ரவரி 20. வைசாகத்துல இருந்து பாத்ரபதம் வரைக்கும் அஞ்சு மாசத்துக்கு 31 நாள், மத்ததுக்கெல்லாம் 30. இது சும்மா போட்டது இல்ல. ஜூலை ஆரம்பத்துல பூமி சூரியனை விட்டு அதிக தூரத்துல இருக்கும், அப்போ மெதுவாத்தான் நகரும், அதனால மார்ச் சம இரவு நாள்ல இருந்து செப்டம்பர் சம இரவு நாள் வர்றதுக்கு மறுபாதியை விட சில நாள் கூடுதலா ஆகுது. அந்தக் கூடுதலை இந்த மாசங்க தலையில ஏத்திட்டாங்க.

சக வருஷத்தை இங்கிலீஷ் வருஷமா மாத்த 78ஐக் கூட்டிக்கணும். ஆனா பௌஷம் 11 வந்தா ஜனவரி 1 ஆயிடும்ல, அங்கிருந்து பால்குனம் முடியுற வரைக்கும் 79. கூட்டல்ல தப்பு பண்றவங்க பெரும்பாலும் இங்கதான் பண்றாங்க.

இப்போ லீப் வருஷம். சக வருஷத்தோட 78ஐக் கூட்டி வர்ற இங்கிலீஷ் வருஷம் லீப்னா இதுவும் லீப், சைத்திரத்துக்கு 31 நாள், அது ஒரு நாள் முன்னாடியே மார்ச் 21ல பொறந்துடும். கேக்க சுலபமா இருக்கு, ஆனா சிக்கல் எங்கன்னா அந்த எக்ஸ்ட்ரா நாளை ரெண்டு காலண்டரும் வேற வேற இடத்துல சொருகுது. இங்கிலீஷ்காரன் பிப்ரவரி 29ல, இது சைத்திரம் 31ல, அதாவது ஏப்ரல் 20ல. நடுவுல மார்ச் 1ல இருந்து ஏப்ரல் 20 வரைக்கும் இருக்கிற 51 நாளும் வழக்கமான கணக்குல இருந்து ஒரு நாள் தள்ளி நிக்கும். ஏப்ரல் 21 வைசாகம் 1னு வந்ததும் எல்லாம் பழையபடி சரியாயிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லங்க. ஹிந்தியில சக தேதி போட்டு எழுதின செக்கை, மத்தபடி சரியா இருந்தா, பேங்க் ஏத்துக்கணும்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு, செக் காலாவதி ஆச்சான்னு தெரிய இங்கிலீஷ் தேதியைக் கணக்குப் போட்டுக்க வேண்டியது பேங்க்கோட வேலை. பால்குனம் 15, 1945னு ஒரு செக் வருதுன்னு வைங்க. பால்குனம்ங்கிறதால 79 கூட்டணும், 2024. பிப்ரவரி 20தான் பால்குனம் 1, அப்போ பிப்ரவரி 29 வந்து பால்குனம் 10, அடுத்த அஞ்சு நாள் எண்ணினா மார்ச் 5. இதே பால்குனம் 15 முந்தின வருஷம் 1944ல வந்தப்போ மார்ச் 6, 2023. ஒரே தேதி, ஒரு நாள் வித்தியாசம். இதுல வேடிக்கை என்னன்னா பிப்ரவரி 29 வந்து விழுந்தது 1945ல, ஆனா 1945 லீப் வருஷமே இல்ல, அதுக்கு 365 நாள்தான். லீப் அடுத்து வந்த 1946தான், ஏன்னா 1946 கூட்டல் 78 தான் 2024. சாஃப்ட்வேர் எழுதுறவங்க இந்த இடத்தை மட்டும் தனியா டெஸ்ட் பண்ணிப் பாக்கிறது நல்லது, பிப்ரவரி 29, மார்ச் 1, மார்ச் 20, 21, ஏப்ரல் 20, 21 இந்த ஆறு தேதி சரியா வந்தா மத்ததும் அனேகமா வந்துடும்.

பேரை வச்சு சைத்திரம்தானே சித்திரைன்னு நம்மாளுங்க நினைச்சுக்கிறது உண்டு. ஏப்ரல் 14 சித்திரை 1 பொறக்கிறப்போ அங்க சைத்திரம் 24 ஓடிட்டிருக்கும், லீப் வருஷம்னா 25. நம்ம பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வச்சு வருஷத்தை அளக்குது, அந்த வருஷம் பருவகால வருஷத்தை விட சுமார் 20 நிமிஷம் நீளம், ஏறக்குறைய 72 வருஷத்துக்கு ஒரு நாள் நகர்ந்துடும். அப்படி நூத்தாண்டு நூத்தாண்டா சேர்ந்த இடைவெளிதான் இந்த மூணு வாரத்துச் சொச்சம். சாஹா கமிட்டி அதை வெட்டிட்டு வருஷப் பிறப்பை மார்ச் சம இரவு நாளுக்கு மறுநாள்ல கொண்டு வச்சுது. அதனால தேசிய நாள்காட்டி பருவத்தை விட்டு விலகாது, ஆனா சித்திரை 1 இன்னும் மெதுவா கோடைக்குள்ள நகர்ந்துக்கிட்டே இருக்கும்.