பரப்பு கேட்டா 0 வருதே சார்!

பன்னண்டாவதுக்கு கணக்கு சொல்லிக் கொடுக்குறேன், வருஷா வருஷம் தொகையிடல் பாடத்துல ஒரு கணக்கை வேணும்னே போர்டுல எழுதுவேன். y = x² − 4x + 3 ங்கிற வளைவரைக்கும் x அச்சுக்கும் நடுவுல, x = 0 லேர்ந்து x = 3 வரைக்கும் உள்ள பரப்பு என்ன? அஞ்சு நிமிஷத்துல முக்கால்வாசி பேர் போட்டு முடிச்சுடுவாங்க. இந்த வருஷம் முதல் பெஞ்சுல ஒரு பொண்ணு மட்டும் நோட்டை அழிச்சு அழிச்சு எழுதிட்டு இருந்துச்சு, என்னம்மான்னு கேட்டா, "சார் மூணு தடவ போட்டுட்டேன், 0 தான் வருது, எங்க தப்புன்னே தெரியல"ங்குது. அந்தப் பொண்ணு போட்ட தொகையிடல்ல ஒரு தப்பும் இல்ல. ஆனா பரப்பு 0 இல்ல. இந்த ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல சரியா இருக்க முடியும்னு புரிஞ்சுதுன்னா இன்டக்ரேஷன்னா என்னன்னே புரிஞ்சுடும், அதனாலதான் இந்தக் கணக்கை விடவே மாட்டேங்குறேன்.

முதல்ல அந்த ∫ குறி எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம். 1675ல லைப்னிட்ஸ் இதை எழுத ஆரம்பிச்சாரு, லத்தீன்ல கூட்டுத்தொகைக்கு 'சும்மா'ன்னு பேரு, அதோட முதல் எழுத்து எஸ், அதை நீளமா இழுத்தா ∫. அதாவது அது சொல்றது 'கூட்டு' அவ்ளோதான். எதைக் கூட்டணும்? பக்கத்துலயே இருக்கு, y dx. வளைவரைக்குக் கீழ உள்ள இடத்தை நெட்டுக்கு சன்னமான பட்டையா வெட்டுறோம்னு வச்சுக்கோங்க, ஒரு பட்டையோட உயரம் y, அகலம் dx, ரெண்டையும் பெருக்கினா அந்தப் பட்டையோட பரப்பு. மேல் முனை வளைஞ்சு இருக்கே, செவ்வகம் இல்லையேன்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி, ஆனா பட்டை சன்னமாக சன்னமாக அந்த வளைவால வர்ற பிசகு பூஜ்ஜியத்துக்கே போயிடும்.

சரி, பட்டையைக் கூட்டுறதுக்கும் வகையிடலைத் திருப்பிப் போடுறதுக்கும் என்ன சம்பந்தம்? இதை நிறைய பேர் கேக்காமலே ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணிடுறாங்க. x = 0 லேர்ந்து ஏதோ ஒரு x வரைக்கும் சேர்ந்த பரப்புக்கு A(x)னு பேர் வைப்போம். இப்போ வலது பக்கக் கோட்டை இன்னும் கொஞ்சம், h அளவு தள்ளுங்க. புதுசா என்ன சேருது? h அகலத்துல ஒரே ஒரு பட்டை, உயரம் கிட்டத்தட்ட y. அப்போ A கூடினது y × h, h ஆல வகுத்தா y. h ஐ பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனா இந்த வகுத்தல் அப்படியே A வோட வகைக்கெழு ஆயிடும். ஆக A′(x) = y. எதை வகையிட்டா y வருமோ அதுதான் பரப்பு. நாம திருப்பிப் போடுறது இதுக்காகத்தான்.

இப்போ கணக்குக்கு வருவோம். அந்தப் பொண்ணு போட்டது இது:

```
∫ (x² − 4x + 3) dx = x³/3 − 2x² + 3x = F(x)
F(0) = 0
F(3) = 9 − 18 + 9 = 0
F(3) − F(0) = 0
```

ஒரு வரி கூடத் தப்பில்ல. விட்டது எதைன்னா படத்தை. "மார்க்கே இல்லாத படத்தை எதுக்கு சார் வரையணும்"னு கேப்பாங்க, இந்தக் கணக்குல படம்தான் பாதி விடை. காரணிப்படுத்தினா y = (x − 1)(x − 3), அதனால x = 1லயும் x = 3லயும் வளைவரை அச்சை வெட்டுது. x = 0ல y = 3, அங்கேர்ந்து இறங்கி 1ல அச்சைத் தொட்டுக் கீழ போகுது, x = 2ல y = −1, அதுதான் அடிமட்டம், அப்புறம் ஏறி 3ல திரும்ப அச்சுக்கு வருது. ஒன்னுலேர்ந்து மூணு வரைக்கும் y மைனஸ். அங்க வெட்டுற ஒவ்வொரு பட்டைக்கும் 'உயரம்' மைனஸ், அகலம் ப்ளஸ், அப்போ y dx மைனஸ். ∫ க்கு இதெல்லாம் தெரியாது, கூட்டச் சொன்னா கூட்டிடும், மேல உள்ளதை ப்ளஸாவும் கீழ உள்ளதை மைனஸாவும் எடுத்து ரெண்டையும் கழிச்சுடுது.

அதனால அச்சை வெட்டுற இடத்துல கணக்கையும் வெட்டணும்:

```
0 முதல் 1 வரை: F(1) − F(0) = 1/3 − 2 + 3 = 4/3
1 முதல் 3 வரை: F(3) − F(1) = 0 − 4/3 = −4/3
பரப்பு = 4/3 + |−4/3| = 8/3 சதுர அலகு
```

இந்த மட்டுக்குறிய எங்க போடுறோம்ங்கிறதுல இன்னொரு தப்பு நடக்கும். பரப்பு மைனஸா வரக்கூடாதுன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு, பிரிக்காமலே மொத்த விடைக்கு மட்டுக்குறி போட்டுடுவாங்க, |0| போட்டாலும் 0 தானே. துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாப் போட்டு அப்புறம்தான் கூட்டணும். இந்தக் கணக்குல 0 வந்ததால அந்தப் பொண்ணுக்கு சந்தேகம் வந்துச்சு, இதே வளைவரைய 0 லேர்ந்து 4 வரைக்கும் கேட்டிருந்தா பிரிக்காமப் போட்டா 4/3 வரும், பாக்க அழகா இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது, ஆனா சரியான விடை 4. நான் பயப்படுறது அந்த மாதிரி விடைக்குத்தான்.

விடை சரியான்னு பாக்க ஒரு வழி இருக்கு. அச்சுக்குக் கீழ உள்ள துண்டு ஒரு பரவளையத் துண்டு, அதுக்குள்ள (1, 0), (3, 0), (2, −1) மூணையும் சேர்த்து ஒரு முக்கோணம் வரைங்க. அடிப்பக்கம் 2, உயரம் 1, பரப்பு 1. பரவளையத் துண்டு இந்த முக்கோணத்தைப் போல 4/3 மடங்குன்னு ஆர்க்கிமிடிஸ் இன்டக்ரேஷன் வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே, கி.மு. 3ஆம் நூற்றாண்டுல நிறுவி வச்சிருக்காரு. நமக்கு வந்ததும் 4/3 தான். இதைப் போர்டுல போட்டப்போ அந்தப் பொண்ணு பேனாவைக் கீழ வச்சுட்டு நிமிர்ந்து பாத்துச்சு.

"அப்போ நான் போட்ட 0 தப்பா சார்?" தப்பில்லம்மா. கேள்வியில 'தொகையிடலின் மதிப்பு காண்க'ன்னு இருந்தா 0 தான் விடை, பிரிச்சு 8/3 எழுதினா மார்க் போயிடும். 'பரப்பு காண்க'ன்னு இருந்தாத்தான் பிரிக்கணும். y ங்கிற இடத்துல ஒரு வண்டியோட திசைவேகம்னு நினைச்சுக்கோ, x ங்கிறது நேரம். முதல் ஒரு செகண்ட் வண்டி முன்னாடி 4/3 மீட்டர் போகுது, 1லேர்ந்து 3வது செகண்ட் வரைக்கும் ரிவர்ஸ்ல 4/3 மீட்டர் வருது. கிளம்பின இடத்துக்கே வந்து நிக்குது, அதனால இடப்பெயர்ச்சி 0, ஆனா சக்கரம் உருண்ட தூரம் 8/3 மீட்டர்.