யூரியா கூடினால் கண்டுமுதல் கூடுமா? 0.54 எப்படி 0.12 ஆனது

சம்பா அறுவடை முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். வேளாண்மை முதுகலை படிக்கும் மாணவர் ஒருவர் கும்பகோணத்தில் இருக்கும் என் அறைக்கு மடிக்கணினியோடு வந்தார். ஒரே வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைமடை வரை நடந்து விவசாயிகளிடம் கேட்டுச் சேர்த்த விவரம் அவரிடம் இருந்தது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போட்டார்கள், கண்டுமுதல் எத்தனை மூட்டை, வாய்க்காலில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, இப்படி. யூரியாவுக்கும் கண்டுமுதலுக்கும் ஒட்டுறவு 0.54. "நல்லா வந்திருக்கு சார், இன்னொரு மூட்டை கூடுதலாப் போடச் சொல்லி ஒரு துண்டறிக்கை அடிக்கலாம்னு இருக்கோம்" என்றார். அங்கேதான் எனக்குத் திக்கென்றது. (கீழே வரும் எண்களை, ஆளைக் காட்டிக்கொடுக்காதபடியும் கணக்குப் போட வசதியாகவும் நான் மாற்றியிருக்கிறேன். கதை மாறவில்லை.)

அவருடைய குறிப்பேட்டைப் புரட்டியபோது ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி கிடந்தது. கடைமடையில் ஒரு பெரியவர் சொன்னது: "தண்ணி நிக்கிற வயல்லதான் தம்பி மேலுரம் போடுவோம், காஞ்ச மண்ணுல வீசிட்டு காச வுடச் சொல்றியா?" முழு விஷயமும் அந்த வரியில் இருக்கிறது. தலைப்பில் இருப்பவருக்குத் தண்ணீர் நிச்சயம், அதனால் துணிந்து உரம் வாங்குகிறார். அதே தண்ணீரால் அவருடைய பயிரும் நன்றாக விளைகிறது. கடைமடைக்காரருக்கு முறை வைத்துத்தான் வருகிறது, சில சமயம் அதுவும் வராது, அதனால் உரத்தையும் குறைக்கிறார், கண்டுமுதலும் குறைகிறது. யூரியாவும் கண்டுமுதலும் சேர்ந்து ஏறி இறங்குவது போலத் தெரிகிறதே, இரண்டையும் பின்னாலிருந்து தண்ணீரே தள்ளிக்கொண்டிருக்கலாம். எளிய ஒட்டுறவுக்கு இது தெரியாது. இரண்டு நெடுவரிசை சேர்ந்து நகர்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும்.

பகுதி ஒட்டுறவு கேட்கும் கேள்வி வேறு: ஒரே அளவு நாள் தண்ணீர் பெற்றவர்களுக்குள், கூடுதல் யூரியா போட்டவருக்குக் கூடுதலாக விளைந்ததா? கணக்கில் இதை இப்படிச் செய்கிறோம். தண்ணீர் நாளை வைத்து ஒவ்வொருவரின் கண்டுமுதலையும் ஒரு நேர்கோட்டால் கணிக்கிறோம். உண்மையில் வந்தது அந்தக் கணிப்புக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்பது மிச்சம். யூரியாவுக்கும் இதே வேலை. இந்த இரண்டு மிச்சங்களுக்கும் இடையிலான ஒட்டுறவுதான் பகுதி ஒட்டுறவு.

மூன்று எளிய ஒட்டுறவுகள் கையில் இருந்தால் கால்குலேட்டரே போதும். x யூரியா, y கண்டுமுதல், z தண்ணீர் நாள். அவருடைய விவரத்தில் யூரியா–கண்டுமுதல் 0.54, யூரியா–தண்ணீர் 0.66, கண்டுமுதல்–தண்ணீர் 0.72.

```
r_xy.z = (r_xy − r_xz·r_yz) / √((1 − r_xz²)(1 − r_yz²))
       = (0.54 − 0.66 × 0.72) / √(0.5644 × 0.4816)
       = 0.0648 / 0.5214
       = 0.12
```

மேலே உள்ள கழித்தலைக் கவனியுங்கள். 0.66 × 0.72 என்பது சுமார் 0.48. தண்ணீர் வழியாக மட்டுமே இவ்வளவு ஒட்டுறவு தானாக வந்துவிடும், யூரியா ஒன்றுமே செய்யாவிட்டாலும். 0.54-இல் 0.48 போனால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

மாணவருக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப யூரியாவால பிரயோஜனம் இல்லன்னு எழுதிடலாமா சார்?" கூடாது. முதலில் அந்த 0.12-இன் நம்பிக்கை இடைவெளியைப் பாருங்கள், −0.09-லிருந்து 0.33 வரை ஓடுகிறது. தொடர்பு இல்லை என்றும் சொல்ல முடியாது, மிதமாக ஒன்று இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அப்புறம், யூரியா போடாதவர் இந்தப் பட்டியலிலேயே கிடையாது. குறைந்தது ஒன்றரை மூட்டையாவது எல்லோரும் போட்டிருக்கிறார்கள், ஆகவே போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதில் பதில் இல்லை. இன்னொன்று, உரம் அளவு மீறினால் பயிர் சாய்ந்துவிடும். ஏறி இறங்கும் அந்த வளைவை நேர்கோட்டுக் கணக்கு கண்டுகொள்ளாது. அதனால் எண்ணை நம்புவதற்கு முன் இரண்டு மிச்சங்களையும் புள்ளி வரைபடமாகப் போட்டுக் கண்ணால் பார்க்கச் சொன்னேன்.

மென்பொருளில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது, பலர் அதில் விழுந்து பார்த்திருக்கிறேன். R-இல் மிச்சங்களை எடுத்து

```
a <- resid(lm(yield ~ water, data = d))
b <- resid(lm(urea ~ water, data = d))
cor.test(a, b)
```

என்று ஓட்டினால் ஒட்டுறவு சரியாகவே வரும். ஆனால் df எனப்படும் கட்டின்மைப் படிகளை அது n − 2 என்று எடுத்துக்கொள்ளும், தண்ணீருக்காக ஒரு படி ஏற்கெனவே செலவானது அதற்குத் தெரியாது. கட்டுப்படுத்திய ஒவ்வொரு மாறிக்கும் ஒரு படி குறையும் என்பதை ஃபிஷர் 1924-லேயே காட்டிவிட்டார். மாணவரின் கணக்கில் இருந்த 84 பேரில் ஒரு மாறி என்றால் 82-க்குப் பதில் 81, பெரிய வித்தியாசமில்லை. 20 வயலை வைத்துக்கொண்டு ஆறு மாறிகளைக் கட்டுப்படுத்துபவருக்கு இது வலிக்கும்.

அதைவிடப் பெரிய தவறு இன்னொன்று கிடைத்தது. அவர் முதலில் பேசியது 97 பேரிடம். அதில் 13 பேர் தண்ணீர் வந்த நாள் ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையின் முதல் வரைவில் எளிய ஒட்டுறவு 97 பேருக்கு, பகுதி ஒட்டுறவு 84 பேருக்கு, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்! எண் குறைந்தது தண்ணீராலா, அந்த 13 பேர் விட்டுப்போனதாலா என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் அதே 84 பேரில் போட வைத்தேன். விடுபட்டவர்கள் எந்தப் பக்கத்து வயல்காரர்கள் என்று ஒரு வரி எழுதச் சொன்னேன்.

எதைக் கட்டுப்படுத்துவது என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம். அவருடைய கோப்பில் குத்துக்கு எத்தனை தூர் என்ற நெடுவரிசையும் இருந்தது, அதையும் சேர்த்தால் இன்னும் சுத்தமாகுமே என்றார். ஆகாது. யூரியா போட்டால் தூர் வெடிக்கிறது, தூர் கூடினால் கதிர் கூடுகிறது. யூரியா வேலை செய்யும் பாதையே அதுதான். தூரைக் கட்டுப்படுத்தினால் யூரியாவின் வேலையையே கணக்கிலிருந்து துடைத்துவிட்டு, யூரியா வேலை செய்யவில்லை என்று எழுதுவதாகிவிடும். தண்ணீர் அப்படியல்ல, உரம் போடலாமா என்ற முடிவுக்கு முன்பே வாய்க்காலில் இருப்பது. எது முன்னால், எது நடுவில் என்பதை மென்பொருள் சொல்லாது, வயலைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

தண்ணீர் நாளும் விவசாயியின் நினைவிலிருந்து வந்ததுதான். அது தவறாக இருக்கும் அளவுக்குத் தண்ணீரின் பங்கு முழுதாகக் கழியாமல் 0.12-க்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

கடைசியில் அறிக்கையில் போனது இந்த வாக்கியம்: "யூரியாவுக்கும் கண்டுமுதலுக்கும் எளிய ஒட்டுறவு 0.54 (95% நம்பிக்கை இடைவெளி 0.37 முதல் 0.68 வரை), வாய்க்காலில் தண்ணீர் வந்த நாட்களைக் கட்டுப்படுத்திய பின் பகுதி ஒட்டுறவு 0.12 (−0.09 முதல் 0.33 வரை), df = 81, p = 0.26, இரண்டும் அதே 84 விவசாயிகளில் கணக்கிடப்பட்டவை, தண்ணீர் நாள் விவசாயிகள் நினைவிலிருந்து சொன்னது." நீளம்தான். வழிகாட்டி அடைப்புக்குறிகளை எடுக்கச் சொன்னாராம், மாணவர் எடுக்கவில்லை. துண்டறிக்கையைத் தள்ளிவைத்துவிட்டார். அடுத்த சம்பாவுக்கு நினைவை நம்பாமல், தண்ணீர் வருவதைத் தேதி போட்டுக் குறிக்க வாய்க்காலில் நான்கு இடத்தில் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்.