இலாகா கட்சிக்கா, அமைச்சருக்கா? கூட்டணி அமைச்சரவையின் விதிகள்

யார் அமைச்சர் என்பதைப் பிரதமரின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் முடிவு செய்கிறார். அரசியலமைப்பின் 75-வது பிரிவு சொல்வது இதுதான். 2003-ல் வந்த 91-வது திருத்தம் இதற்கு ஒரு உச்சவரம்பு வைத்தது. பிரதமரையும் சேர்த்து அமைச்சர்களின் எண்ணிக்கை, மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 543 பேர் கொண்ட அவையில் 81 பேர்.

எந்தக் கட்சிக்கு எந்த இலாகா என்பதற்கு விதி எதுவும் இல்லை. அது பேரம்தான். 2004-ல் காங்கிரஸ் தலைமையில் கூட்டணி ஆட்சி அமைந்தபோது, பேசியபடி இலாகா வரவில்லை என்று திமுக அமைச்சர்கள் பொறுப்பேற்காமல் இருந்தார்கள். இன்னொரு கூட்டணிக் கட்சியான தெலங்கானா ராஷ்டிர சமிதியின் சந்திரசேகர ராவிடம் போயிருந்த கப்பல் துறை டி.ஆர்.பாலுவிடம் வந்த பிறகே விஷயம் அடங்கியது.

பேரத்தில் இலாகா கட்சிக்குப் போகிறது. நாற்காலியில் உட்காருபவர் கட்சி அனுப்பும் ஆள். சிக்கல் இங்கேதான். அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு என்று அதே 75-வது பிரிவு சொல்கிறது, ஆனால் அமைச்சரவைக்கு வெளியே இருக்கும் கட்சித் தலைவரை அது கட்டுப்படுத்தாது.

2012 மார்ச் 14 அன்று திரிணாமுல் காங்கிரஸின் தினேஷ் திரிவேதி ரயில்வே பட்ஜெட்டில் பயணக் கட்டணத்தை உயர்த்தினார். ஸ்லீப்பருக்கு கிலோமீட்டருக்கு 5 பைசா. சென்னையிலிருந்து மதுரைக்கு சுமார் 490 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 25 ரூபாய் கூடும். பல வருடமாகத் தொடாத கட்டணம் அது. பிரதமர் மன்மோகன் சிங்குக்கு இதில் ஆட்சேபம் இல்லை. கொல்கத்தாவில் இருந்த கட்சித் தலைவர் மம்தாவுக்கு இருந்தது. நான்கே நாளில் திரிவேதி ராஜினாமா செய்தார். அதே கட்சியின் முகுல் ராய் வந்து, ஸ்லீப்பர் உட்படப் பெரும்பாலான வகுப்புகளின் உயர்வை வாபஸ் வாங்கினார். ஏசி முதல் வகுப்பும் இரண்டடுக்கு ஏசியும் தப்பவில்லை.

19 எம்.பி.க்கள் கையில் இருந்தால் இவ்வளவு செய்யலாம். செப்டம்பரில் டீசல் விலை, சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு ஆகியவற்றை எதிர்த்து அந்தக் கட்சியே கூட்டணியை விட்டு வெளியேறியது. ரயில்வே காங்கிரஸிடம் திரும்பியது. 2013 ஜனவரியில் பவன் குமார் பன்சால் ஸ்லீப்பருக்கு 6 பைசா கூட்டினார். பத்து மாதம் முன்பு 25 ரூபாய் தர வேண்டாம் என்று தப்பித்த மதுரைப் பயணி, இப்போது 29 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார். இடையில் ரயில்வேக்கு வர வேண்டிய பணம் வராமல் போனதுதான் மிச்சம்.

2009 மே முதல் 2013 ஜூன் வரை அந்த நாற்காலியில் மம்தா, திரிவேதி, முகுல் ராய், சி.பி.ஜோஷி, பன்சால், கார்கே என்று ஆறு பேர் அமர்ந்தார்கள். நடுவில் கொஞ்ச நாள் பிரதமரே வைத்திருந்தார்.

கூட்டணி என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. 2004 முதல் 2009 வரை ரயில்வே இன்னொரு கூட்டணிக் கட்சியான ராஷ்ட்ரிய ஜனதா தளத்திடம்தான் இருந்தது. ஐந்து வருடமும் ஒரே அமைச்சர், லாலு பிரசாத். அங்கே கட்சித் தலைவரும் அமைச்சரும் ஒரே ஆள். பட்ஜெட்டில் படித்ததை வெளியே இருந்து வாபஸ் வாங்கச் சொல்ல அவருக்கு மேல் யாரும் இல்லை.